சிறிய மன்றத்தில் சிறிய பொறுப்பு: விண்ணப்பத்தில் பட்டத்தை விட்டுப் பலனை எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பள்ளி வானியல் மன்றத்தில் மொத்தமே 11 பேர்தான். அதிலும் நான் தலைவர் இல்லை, கருவிப் பொறுப்பாளர். இதையெல்லாம் கல்லூரி விண்ணப்பத்தில் எழுதினால் யாராவது மதிப்பார்களா?

தாராளமாக எழுதலாம். ஆனால் பதவியின் பெயரை மட்டும் நம்பி எழுதக் கூடாது. விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு உங்கள் பள்ளியில் மன்றங்கள் எப்படி நடக்கின்றன என்பது தெரியாது. ஒரு பள்ளியில் மன்றத் தலைவர் என்பவர் ஆண்டு விழாவில் வரவேற்புரை வாசிப்பதோடு சரி. இன்னொரு பள்ளியில் அதே பெயருள்ளவர் வாரந்தோறும் கூட்டம் நடத்தி, நிதி திரட்டி, போட்டிக்கு ஆட்களைத் தயார் செய்பவராக இருப்பார். இரண்டும் தாளில் ஒரே சொல்லாகத்தான் தெரியும். ஆகவே அனுபவமுள்ள வாசகர் பதவியின் பெயரை விரைவாகக் கடந்து, அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்.

11 பேர் என்பதை மறைக்கவும் வேண்டாம். அது குறை அல்ல, படிப்பவருக்கு நீங்கள் கொடுக்கும் அளவுகோல். இருநூறு பேர் கொண்ட மன்றத்தில் ஒரு காரியம் நடந்தால் அதை யார் செய்தார் என்று கண்டுபிடிப்பது கடினம். 11 பேர் கொண்ட மன்றத்தில், கருவிக்கு ஒரே ஒரு பொறுப்பாளர் இருக்கும்போது, கருவி தொடர்பான மாற்றம் யாருடைய கைவேலை என்பது ஐயமின்றித் தெரியும். சிறிய மன்றத்துக்கு உள்ள இந்த உண்மையான வசதியைப் பலர் தாங்களாகவே கைவிட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

கேள்வியில் உள்ள பொறுப்பையே இந்தப் பக்கம் முழுவதும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். கருவிப் பொறுப்பாளராக இருக்கும் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. கணக்குப் போடும் முறைதான் முக்கியம்.

‘இணை நிறுவனர்’, ‘தொழில்நுட்ப இயக்குநர்’ என்று கொஞ்சம் எடுப்பாகப் போட்டுக்கொண்டால் என்ன தப்பு? யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்?

பெரும்பாலும் யாரும் தேடி வந்து சரிபார்க்க வேண்டிய தேவையே எழாது. உங்கள் விண்ணப்பத்துக்குள்ளேயே அது வெளிப்பட்டுவிடும். மன்றத்தின் பொறுப்பாசிரியரோ வகுப்பாசிரியரோ பரிந்துரைக் கடிதம் எழுதும்போது, அவர் தமக்குத் தெரிந்தபடி, “எங்கள் வானியல் மன்றத்தின் தொலைநோக்கியைக் கவனித்துக்கொண்டவர்” என்றுதான் எழுதுவார். அதே கோப்பில் நீங்கள் உங்களைத் தொழில்நுட்ப இயக்குநர் என்று எழுதியிருந்தால், இரண்டு தாள்களையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு இடைவெளி உடனே கண்ணில் படும். அதன் பிறகு நீங்கள் உண்மையாகச் செய்த மற்றவற்றையும் அவர் அதே ஐயத்தோடுதான் படிப்பார்.

இன்னொரு சேதமும் உண்டு. பெரிய பட்டம் பெரிய எதிர்பார்ப்பை எழுப்புகிறது. ‘இயக்குநர்’ என்ற சொல்லுக்குப் பின், “ஒரு தொலைநோக்கியைச் சரிசெய்து ஏழு இரவுகள் நடத்தினேன்” என்று வந்தால், நல்ல வேலைகூடச் சின்னதாகத் தெரியும். ‘கருவிப் பொறுப்பாளர்’ என்ற சொல்லுக்குப் பின் அதே வரி வந்தால், பொறுப்புக்கு மேலாக உழைத்தவர் என்று தோன்றும். செய்த வேலை ஒன்றுதான். எந்தப் பெயருக்குக் கீழே அது நிற்கிறது என்பதால் அதன் எடை மாறுகிறது.

பள்ளியில் அந்தப் பொறுப்புக்குப் பெயரே இல்லை, ஆசிரியர் “நீ பார்த்துக்கொள்” என்று சொன்னதுதான் நியமனம் என்றால், செய்த வேலையிலிருந்தே பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘உறுப்பினர், தொலைநோக்கிப் பராமரிப்பு’. அந்தப் பெயரைப் பொறுப்பாசிரியரிடம் ஒருமுறை காட்டி, அவருக்கும் அது சரியென்று படுகிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நான் செய்தது சும்மா கருவியைத் துடைத்து, எடுத்து வைத்த வேலைதான். இதில் ‘பலன்’ என்று சொல்ல என்ன இருக்கிறது?

பலன் என்பதைப் பரிசு, கோப்பை, பதக்கம் என்று எண்ணிக்கொள்வதால்தான் இந்தக் கேள்வி வருகிறது. நீங்கள் பொறுப்பேற்ற அன்று நிலைமை எப்படி இருந்தது, விட்டுச் செல்லும்போது எப்படி இருக்கிறது, அந்த இரண்டுக்கும் இடையில் உங்கள் கை எங்கே பட்டது: இந்த மூன்றுக்கும் விடை இருந்தால் அதுவே பலன். நமது மாணவியின் கதையைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம்.

அவர் பொறுப்பேற்றபோது மன்றத்தின் ஒரே தொலைநோக்கி, ஆய்வகத்தின் அலமாரியில் கிடந்தது. “அது வேலை செய்யாது” என்பதுதான் எல்லோரும் சொன்ன செய்தி. முந்தைய ஆண்டு முழுவதிலும் அதை இரண்டே இரவுகள்தான் வெளியே எடுத்திருந்தார்கள். அந்த இரண்டு இரவுகளிலும் நிலவைத் தவிர வேறு எதையும் பிடிக்க முடியவில்லை. அவர் அதை எடுத்துப் பார்த்தபோது ஆடியில் பெரிய குறை எதுவும் இல்லை. பெரிய குழலின் பக்கத்தில் பொருத்தியிருக்கும் சிறிய தேடுகுழல், பெரிய குழல் பார்க்கும் திசையைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் கோளாறு. தேடுகுழலின் குறுக்குக் கம்பியில் வியாழனைக் கொண்டுவந்து நிறுத்தினாலும், பெரிய குழலின் குறுகிய பார்வைப் புலத்தில் வெற்று வானம்தான் தெரியும். நிலவு மிகப் பெரிதாகவும் வெளிச்சமாகவும் இருப்பதால் அது மட்டும் எப்படியோ அகப்பட்டிருக்கிறது.

அவர் ஒரு மாலை, சூரியன் இருக்கும் பக்கத்துக்கு முதுகு காட்டி நின்று, தொலைவில் இருந்த ஒரு கோபுரத்தின் உச்சியைக் குறைந்த உருப்பெருக்கம் தரும் கண்ணருகு வில்லையில் நடுவில் நிறுத்தினார். பிறகு பெரிய குழலை அசைக்காமல், தேடுகுழலைத் தாங்கும் திருகுகளை மட்டும் மெல்லத் திருகி, அதன் குறுக்குக் கம்பியும் அதே உச்சியில் வந்து நிற்கும்படி செய்தார். அன்றிரவே வியாழனும் அதன் நிலவுகளும் கிடைத்தன. அதன் பின் இந்தச் செய்முறையை ஒரு பக்கத்தில் படத்தோடு எழுதி, கருவிப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டினார். இளைய மாணவர் நான்கு பேருக்குக் கற்றுக்கொடுத்தார். அந்த ஆண்டு பத்து இரவுகளுக்குத் திட்டமிட்டு, மேகத்தால் மூன்று கைவிடப்பட்டு, ஏழு நடந்தன.

இப்போது “கருவிகளைப் பராமரிக்கும் பொறுப்பை வகித்தேன்” என்ற வரியையும், “பழுதென்று ஒதுக்கப்பட்ட தொலைநோக்கியின் தேடுகுழலை நேர்ப்படுத்தினேன், ஆண்டுக்கு 2 ஆக இருந்த வான்நோக்கு இரவுகள் 7 ஆயின” என்ற வரியையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முதல் வரியை எந்தப் பள்ளியின் எந்தப் பொறுப்பாளரும் எழுதலாம். அலமாரியைத் திறக்காதவர்கூட எழுதலாம். இரண்டாவது வரியை அவர் ஒருவரால்தான் எழுத முடியும்.

ஒரு நல்ல பலன் வரி எழுதிவிட்டேனா இல்லையா என்று எப்படிச் சோதிப்பது?

எழுதிய வரியிலிருந்து உங்கள் மன்றத்தின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு மன்றத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் வரி பொருந்தினால் அதில் இன்னும் செய்தி இல்லை. “உறுப்பினர்களை ஊக்குவித்து, மன்றத்தின் வளர்ச்சிக்குப் பாடுபட்டேன்” என்பது சதுரங்க மன்றத்துக்கும் பொருந்தும், தோட்ட மன்றத்துக்கும் பொருந்தும். தேடுகுழலைப் பற்றிய வரி வானியல் மன்றத்தை விட்டு நகராது.

அடுத்து, அந்த வரியைப் படித்தவர் “அதற்கு முன் எப்படி இருந்தது?” என்று கேட்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். “ஏழு இரவுகள் நடத்தினேன்” என்பது மட்டும் போதாது. முன்பு இருபது நடந்திருந்தால் ஏழு என்பது சரிவு. முந்தைய எண் தெரிந்தால்தான் பின்னைய எண்ணுக்குப் பொருள் வருகிறது.

எங்கள் எண்கள் எல்லாமே சின்னவை. சதவீதமாகப் போட்டால் பெரிதாகத் தெரியுமே, அப்படிச் செய்யலாமா?

வேண்டாம். இரண்டு ஏழானதை ‘250 சதவீத வளர்ச்சி’ என்று எழுதினால் கணக்கில் பிழை இல்லை, ஆனால் படிப்பவர் முதலில் கேட்பது “எதிலிருந்து?” என்பதுதான். அடிப்படை எண்ணை மறைத்துச் சதவீதத்தை மட்டும் நீட்டுபவர் எதையோ ஒளிக்கிறார் என்று அனுபவமுள்ள வாசகர் எடுத்துக்கொள்வார். ‘2 இலிருந்து 7’ என்பது சதவீதத்தைவிடக் குறைந்த இடத்தில் முழு உண்மையையும் சொல்லிவிடுகிறது. அதில் கூச்சப்பட எதுவும் இல்லை. அடிப்படை நூற்றுக்குக் கீழே இருக்கும்வரை நேரான எண்ணையே எழுதுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம்.

எண்ணில் இன்னொரு பொறியும் இருக்கிறது. அதில் நேர்மையானவர்களும் விழுகிறார்கள். அந்த ஏழு இரவுகளின் கையெழுத்துத் தாள்களையும் கூட்டினால் 96 கையெழுத்துகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். உடனே “96 பேர் கலந்துகொண்டனர்” என்று எழுதத் தோன்றும். ஆனால் மன்ற உறுப்பினர்கள் ஏறக்குறைய எல்லா இரவும் வந்திருப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் ஐந்தாறு முறை எண்ணப்பட்டிருப்பார்கள். பெயர்களை ஒருமுறை மட்டும் எண்ணினால் 41 பேர்தான். அந்த 41இல் உறுப்பினர்கள் 11 பேரைக் கழித்தால், மன்றத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் 30 பேர். ‘96 வருகைகள்’, ‘41 பேர்’, ‘மன்றத்துக்கு வெளியிலிருந்து 30 பேர்’ ஆகிய மூன்றும் உண்மை. ‘96 பேர்’ மட்டும் பொய். என் கருத்தில், மூன்றில் கடைசி எண்தான் மிகச் சிறியது, ஆனால் மிகவும் பேசுவது: மன்றத்தில் சேராத முப்பது பேர் ஓர் இரவைச் செலவிட்டு வந்து பார்த்தார்கள் என்பதை அது சொல்கிறது.

எல்லாம் சேர்ந்து செய்த வேலை. ‘நான் செய்தேன்’ என்று எழுதினால் நண்பர்களின் உழைப்பைத் திருடுவதுபோல் இருக்கிறது. என்ன செய்வது?

இந்த உறுத்தல் நல்ல உறுத்தல்தான். ஆனால் அதற்கு மருந்து எல்லாவற்றையும் “நடத்தப்பட்டது”, “ஏற்பாடு செய்யப்பட்டது” என்று ஆளே இல்லாத வாக்கியங்களாக எழுதுவது அல்ல. அப்படி எழுதினால் நீங்கள் செய்ததும் தெரியாது, நண்பர்கள் செய்ததும் தெரியாது. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் சரியான வினைச்சொல்லைக் கொடுக்க வேண்டும்.

ஒரு வான்நோக்கு இரவு நடக்க என்னென்ன வேண்டியிருந்தது? தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கியவர் பொறுப்பாசிரியர். சுவரொட்டி வரைந்தவர் ஒரு நண்பர். கருவியைத் தயார் செய்து, எந்த இரவில் எந்தக் கோள் எந்த நேரத்தில் பார்க்கும் உயரத்தில் இருக்கும் என்று குறித்துப் பட்டியல் போட்டவர் நமது மாணவி. பார்வையாளர்களை வரிசையில் அழைத்து விளக்கியதில் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆகவே அவர், “தொலைநோக்கியைச் சீர்செய்தேன், பார்க்க வேண்டியவற்றின் பட்டியலை ஒவ்வோர் இரவுக்கும் தயாரித்தேன், ஏழு இரவுகளை நடத்தத் துணைநின்றேன்” என்று எழுதலாம். “ஏழு இரவுகளை ஏற்பாடு செய்தேன்” என்று எழுதினால் அனுமதி வாங்கிய ஆசிரியரின் வேலையையும் அவர் எடுத்துக்கொண்டதாகிவிடும்.

எங்கே கோடு போடுவது என்று குழப்பமாக இருந்தால், இப்படிக் கேட்டுப் பாருங்கள்: அந்த ஆண்டு நான் மன்றத்தில் இல்லாமல் இருந்திருந்தால் எது நடந்திருக்காது? நமது மாணவி இல்லாவிட்டாலும் சுவரொட்டி ஒட்டப்பட்டிருக்கும், அனுமதியும் கிடைத்திருக்கும். தொலைநோக்கி மட்டும் அலமாரியிலேயே இருந்திருக்கும். அந்தத் துண்டை ‘நான்’ என்று எழுத அவர் தயங்க வேண்டியதில்லை. எழுதி முடித்த வரியை அந்த நண்பர்களிடம் காட்டிப் படித்துக்காட்ட முடியுமா என்பதும் ஒரு நல்ல சோதனை. முடியாது என்று மனம் சொன்னால் வினைச்சொல்லை ஒரு படி இறக்க வேண்டும்.

நான் எந்தப் பதிவேடும் வைக்கவில்லை. இப்போது விண்ணப்பம் நிரப்பும்போது எண்களுக்கு எங்கே போவது?

முதலில், ஏற்கெனவே பதிந்திருப்பவற்றைத் தேடுங்கள். மன்றத்தின் கைப்பேசிக் குழுவில் “இன்று இரவு ஏழு மணிக்கு”, “மேகம், ரத்து” என்று அனுப்பிய செய்திகள் இருக்கும்; அவற்றிலிருந்து எத்தனை இரவுகள் திட்டமிடப்பட்டன, எத்தனை நடந்தன என்பதைத் தேதியோடு எடுத்துவிடலாம். அன்றைய படங்களில் தேதி பதிந்திருக்கும். குழுப்படத்தில் தலைகளை எண்ணலாம். ஆய்வகச் சாவி வாங்கும்போது கையெழுத்துப் போடும் புத்தகம் இருந்தால் அதுவும் சான்றுதான். பொறுப்பாசிரியரின் நாட்குறிப்பையும் மறந்துவிடாதீர்கள்.

இவற்றாலும் உறுதியாகாத எண்ணுக்கு, நீங்கள் நிச்சயமாகக் காப்பாற்றக்கூடிய குறைந்தபட்ச எண்ணை எடுத்து, ‘குறைந்தது’ என்ற சொல்லோடு எழுதுங்கள். நான்கு இரவுகளின் படங்கள் மட்டுமே கையில் இருந்து, அவற்றில் வெவ்வேறு முகங்கள் 28 தெரிந்தால், “குறைந்தது 28 பேர்” என்று எழுதலாம். ‘ஏறத்தாழ 50’ என்று நினைவிலிருந்து எழுதும் எண்ணைவிட அது நம்பகமானது. எண்ணே கிடைக்காத இடத்தில் எண்ணைப் புனையாமல் நிலைமாற்றத்தை எழுதலாம்: “முன்பு ஆசிரியர் இல்லாமல் கருவியை எடுக்க முடியாது, இப்போது இளைய மாணவர்கள் தாங்களே நிறுவுகிறார்கள்.” இதில் ஓர் எண்கூட இல்லை, ஆனாலும் மாற்றம் தெளிவாகத் தெரிகிறது.

இன்னும் ஓராண்டு பள்ளியில் இருப்பவர்கள் இன்றே ஒரு நோட்டில் தேதி, செய்த வேலை, வந்தவர்களின் பெயர், ஆன நேரம் ஆகிய நான்கு பத்திகளைப் போட்டுவிடுங்கள்.

‘கற்றுக்கொடுத்தேன்’ என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். அதை எப்படிப் பலனாக்குவது?

கற்றுக்கொடுத்தது உங்கள் செயல். கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் பலன். இரண்டுக்கும் இடையே ஒரு சோதனை வேண்டும். நமது மாணவி நான்கு பேரையும் ஒவ்வொருவராக அழைத்து, பெட்டியை மூடிய நிலையில் கொடுத்து, யாருடைய உதவியும் இல்லாமல் கருவியை நிறுவி வியாழனை வில்லையின் நடுவே கொண்டுவரச் சொன்னார். இருபது நிமிடம் கொடுத்தார். முதல் முறை இரண்டு பேரால்தான் முடிந்தது. மற்ற இருவரும் எங்கே தடுமாறினார்கள் என்று பார்த்து, பெட்டி மூடியில் ஒட்டியிருந்த பக்கத்தைத் திருத்தினார்; மூன்று வாரம் கழித்து அவர்களும் செய்தார்கள்.

ஆகவே, “நான்கு இளையோருக்குப் பயிற்சி அளித்தேன்” என்பதற்குப் பதிலாக, “நான்கு இளையோர் துணையின்றிக் கருவியை நிறுவும் அளவுக்குப் பயிற்றுவித்தேன்” என்று அவரால் எழுத முடிகிறது. இரண்டு வரிகளுக்கும் நீளத்தில் பெரிய வேறுபாடு இல்லை. சிறிய பொறுப்புகளில் கிடைக்கும் பலன்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இந்த வகைதான். ஏனென்றால் பொறுப்பாளர் பள்ளியை விட்டுப் போன பிறகும் இது நிற்கும், அடுத்த ஆண்டும் பொறுப்பாசிரியரால் இதை உறுதிப்படுத்த முடியும்.

படிவத்தில் கொடுக்கும் இடமோ மிகக் குறைவு. இவ்வளவையும் எப்படி அடக்குவது?

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான காமன் ஆப் படிவத்தில் பத்துச் செயல்பாடுகள்வரை சேர்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பின் பெயருக்கு 50, அமைப்பின் பெயருக்கு 100, விவரத்துக்கு 150 எழுத்துகள்தான் இடம். சொற்களுக்கு இடையே விடும் வெற்றிடமும் அதில் கணக்கு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தனிப் படிவத்தில் விவரத்துக்கு 350 வரை கிடைக்கும். பிரிட்டனின் யூகாஸ் சேர்க்கை முறையில் செயல்பாடுகளுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இல்லை. 2026 சேர்க்கையிலிருந்து அங்கே தன்விளக்கம் மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, மன்றப் பணி போன்றவை பெரும்பாலும் மூன்றாவது கேள்விக்கான விடையில் வரும்.

மூன்றில் கடினமானது 150தான். இடத்தைத் தின்பவை பெரும்பாலும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை: முந்தைய கட்டத்தில் எழுதிய மன்றத்தின் பெயரை மீண்டும் எழுதுவது, “பொறுப்பாளராக இருந்து” என்று பதவியை மீண்டும் சொல்வது, “சிறப்பாக”, “வெற்றிகரமாக” போன்ற அடைகள். நமது மாணவியின் முதல் வரைவு இப்படி இருந்திருக்கும்: “வானியல் மன்றத்தின் கருவிப் பொறுப்பாளராக இருந்து, மன்றத்தின் தொலைநோக்கியைச் சிறப்பாகப் பராமரித்து, பல வான்நோக்கு நிகழ்ச்சிகளை வெற்றிகரமாக நடத்த உதவினேன்.” இதில் புதிய செய்தி ஏதாவது இருக்கிறதா என்று தேடினால், ‘தொலைநோக்கி’ என்ற ஒரு சொல்தான் மிஞ்சும்.

திருத்திய வடிவம்: “ஒதுக்கப்பட்ட தொலைநோக்கியைச் சீர்செய்தேன்; வான்நோக்கு இரவுகள் 2 இலிருந்து 7; வெளியிலிருந்து 30 பேர்; 4 இளையோர் தாமே நிறுவப் பயிற்சி; ஒரு பக்கக் கையேடு.” படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பும்போதும் இதே செய்தி 150க்குள் அடங்கும். இங்கே முழு வாக்கியம் தேவையில்லை. துண்டுத் தொடர்களை அந்தக் கட்டத்தில் யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. இன்னும் குறைக்க வேண்டியிருந்தால் முதலில் கையேட்டை விடுங்கள், பிறகு முப்பது பேரை விடுங்கள். தொலைநோக்கியும் ‘2 இலிருந்து 7’ என்ற எண்ணும் கடைசிவரை இருக்க வேண்டும். அவைதான் மற்றவற்றுக்கு ஆதாரம்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்கிறார்கள். கூட்டிப் போட்டால்தான் மதிப்பா?

கூட்டிப் போட்டால் முதலில் கெடுவது உங்கள் பலன் வரிதான். ‘வாரம் 8 மணி நேரம்’ என்று எழுதி, பக்கத்தில் ஆண்டுக்கு ஏழு இரவுகள் என்று இருந்தால், மீதி நேரமெல்லாம் எங்கே போயிற்று என்ற கேள்வி வரும்.

கணக்கு எளிது. நமது மாணவிக்குப் பள்ளி நடந்த 30 வாரங்களில் வாரம் ஒரு மணி நேரக் கூட்டம், ஆக 30 மணி. ஏழு இரவுகள், நிறுவி, பார்த்து, அடுக்கி வைக்க மும்மூன்று மணி, ஆக 21. சீர்செய்தது, பட்டியல் போட்டது, பயிற்சி அளித்தது எல்லாம் சேர்த்து 9. மொத்தம் 60 மணி. 30 வாரத்தால் வகுத்தால் வாரத்துக்கு 2. வாரத்தில் இரண்டு மணி நேரத்தில் இவ்வளவு நடந்திருக்கிறது என்று படிப்பவர் தாமே கணக்குப் போட்டுக்கொள்வார்.

நான் எடுத்த ஒரு முயற்சி படுத்துவிட்டது. மாத இதழ் ஒன்றை ஆரம்பித்தோம், இரண்டு இதழோடு நின்றுவிட்டது. அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா?

150 எழுத்துக் கட்டத்தில் விட்டுவிடலாம். அங்கே விளக்க இடமில்லை. ஆனால் “மாத இதழ் தொடங்கினேன்” என்று மட்டும் எழுதி, அது இன்னும் வருவதுபோல் தோன்ற விடுவது சரியல்ல. “இரண்டு இதழ்கள் வெளியிட்டேன்” என்பது உண்மையாகவும் இருக்கும், குறைவாகவும் இருக்காது. கட்டுரைக்கோ நேர்முகத்துக்கோ இடம் கிடைத்தால், ஏன் நின்றது என்று நீங்கள் கண்டறிந்ததைச் சொல்லுங்கள்: எழுதும் வேலை முழுவதும் ஒருவர் மேல் விழுந்தது, தேர்வு மாதத்தில் அவரால் முடியவில்லை. அதை அடுத்த வேலையில் எப்படி மாற்றினீர்கள் என்பதும் சேர்ந்தால் நல்லது. மாற்றவில்லை என்றால் மாற்றியதாகச் சொல்ல வேண்டாம்.

நேர்முகத்தில் இதைப் பற்றிக் கேட்டால் எவ்வளவு பேசலாம்?

ஒரு காட்சியை மட்டும் முழுமையாகச் சொல்லத் தயாராக இருங்கள். தேடுகுழல் கோணலாக இருந்ததை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், ஏன் பகலில் தொலைவிலுள்ள பொருளை வைத்துச் சரிசெய்தீர்கள், ஏன் சூரியன் இருக்கும் திசையைத் தவிர்த்தீர்கள் என்று கேட்டால், வேலையைச் செய்தவர் யோசிக்காமல் சொல்வார்: இரவில் நட்சத்திரம் நகர்ந்துகொண்டே இருக்கும், கோபுரம் நகராது, தொலைநோக்கி வழியே சூரியன் கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். உங்கள் பலன் வரியின் ஒவ்வொரு எண்ணுக்கும் இப்படி ஒரு “எப்படி”யும் ஒரு “ஏன்”னும் உங்களிடம் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பாருங்கள். விடை வராத எண்ணைப் படிவத்திலிருந்தே எடுத்துவிடலாம்.

பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியரிடம் நான் செய்தவற்றை எழுதிக் கொடுக்கலாமா? தற்பெருமையாக நினைப்பாரோ?

கொடுக்கலாம், பல ஆசிரியர்கள் அதை விரும்புவார்கள், ஏனென்றால் ஒரே பருவத்தில் பலருக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும் அவருக்கு ஒவ்வொருவரின் விவரமும் நினைவில் நிற்காது. அரைப் பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். புகழுரை எதுவும் இல்லாமல், தேதியும் நிகழ்வும் எண்ணும் மட்டும் இருக்கட்டும்: எந்த மாதம் கருவி சரியானது, எந்தெந்தத் தேதிகளில் இரவுகள் நடந்தன, எவை மேகத்தால் நின்றன, யார் நால்வர் கற்றுக்கொண்டார்கள். கொடுக்கும்போது, “சார், இதில் உங்களுக்கு நினைவில் இருப்பதோடு ஒத்துப்போகாதது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், படிவத்திலும் திருத்திக்கொள்கிறேன்” என்று கேட்டுவிடுங்கள். அவர் ஓர் எண்ணைத் திருத்தினால், படிவத்தை அனுப்புவதற்கு முன் அங்கேயும் அதே எண்ணை மாற்றிவிட வேண்டும். ஆகவே கடைசி நாளுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே அந்தத் தாள் அவர் கையில் இருப்பது நல்லது.